கடுமையான கூகுள் விமர்சனத்துக்குப் பதில் எழுதுவது: தையல் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு கடைகளைக் கூகுள் மேப்ஸில் பதிவு செய்து தருவது என் தொழில். பதிவு முடிந்த பிறகும் தையல் கடைக்காரர்களிடமிருந்து, குறிப்பாகக் கல்யாண பிளவுஸும் ஆரி வேலையும் எடுத்துச் செய்பவர்களிடமிருந்து, அழைப்புகள் வந்துகொண்டேயிருக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவர் காட்டமாக எழுதியதைப் பற்றித்தான் இருக்கும். அவர்கள் கேட்டவற்றைக் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். இடையில் வரும் கல்யாண பிளவுஸ் கதை விளக்கத்துக்காக நான் அமைத்தது. அதில் வரும் தொகைகளும் அப்படியே.

ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதியிருக்கிறார்கள். பேசாமல் விட்டுவிட்டால் என்ன?

விடலாம், ஆனால் அது அழியாது. கூகுள் பக்கத்தில் விமர்சனப் பகுதியை மூடிவைக்கும் வசதி உரிமையாளருக்குக் கிடையாது; குறிப்பிட்ட ஒரு விமர்சனத்தை மறைக்கவும் முடியாது. விமர்சனங்களை மதிப்பெண் குறைந்தவற்றிலிருந்து வரிசைப்படுத்திப் பார்க்கும் வசதி இருப்பதால், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையின் பிளவுஸ் துணியை உங்களிடம் ஒப்படைப்பதா என்று யோசிக்கும் தாய் முதலில் படிப்பதே அந்த ஒற்றை நட்சத்திரமாக இருக்கலாம்.

உங்கள் பதிலை உண்மையில் படிக்கப்போகிறவர் அந்தத் தாய்தான். எழுதியவர் ஒருவர், பிறகு படிக்கப்போகிறவர்கள் பலர். சிக்கல் வந்தால் இந்தக் கடைக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்பதே அவர்கள் அறிய விரும்புவது. எழுதியவருடைய சிக்கலைத் தீர்ப்பது இதற்கு அடுத்த வேலை. அது பொதுவெளியில் நடக்காது, நடக்கவும் கூடாது. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதைப் பற்றியவைதான்.

பதில் எழுதினால் என் பெயர் தெரியுமா? அவருக்கு அது போய்ச் சேருமா?

கடையின் கூகுள் பக்கம் உங்கள் பெயரில் சரிபார்க்கப்பட்டிருந்தால் மட்டுமே பதில் எழுத முடியும். அந்த மின்னஞ்சல் கணக்கில் நுழைந்து கடையின் பெயரைத் தேடினால், விமர்சனங்களைப் படிக்கவும் பதிலளிக்கவும் வழி கிடைக்கும். பதில் கடையின் பெயரில், உரிமையாளரின் பதில் என்ற குறிப்போடு அந்த விமர்சனத்தின் கீழேயே வெளியாகும். பதிலைக் கூகுள் ஒருமுறை பார்த்துத்தான் வெளியிடும் என்பதால் சற்றுத் தாமதம் ஆகலாம்.

விமர்சனம் எழுதியவருக்குப் பதில் வந்த செய்தி போகும். அதைப் படித்துவிட்டு அவர் தன் விமர்சனத்தைத் திருத்தவும் முடியும். ஒரு விமர்சனத்துக்கு ஒரு பதில்தான் இடமுண்டு. நீங்களும் அதைப் பின்னர் திருத்தலாம், நீக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பதிலைத் தவறுதலாகச் சொந்தக் கணக்கிலிருந்து இன்னொரு விமர்சனமாகப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. தன் கடைக்குத் தானே விமர்சனம் எழுதுவது கூகுளின் விதிக்கு மாறானது.

படித்ததும் கை பரபரக்கிறது. உடனே எழுதிவிடலாமா?

முதலில் ஆர்டர் நோட்டைத் திறங்கள். துணி வாங்கிய தேதி, தருவதாகச் சொன்ன தேதி, உண்மையில் கொடுத்த தேதி, அளவு பிளவுஸ் வாங்கினீர்களா அல்லது உடம்பில் அளவெடுத்தீர்களா, முன்பணம், மீதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தைத்தவரையும் ஆரி போட்டவரையும் தனித்தனியே கேளுங்கள். இந்த விசாரணை முடியாமல் எழுதப்படும் பதிலில்தான் ‘நாங்கள் எப்போதும் சொன்ன தேதியில் கொடுப்பவர்கள்’ என்பது போன்ற, பிறகு திரும்பப் பெற முடியாத வரிகள் வந்துவிடுகின்றன.

விசாரணைக்கு ஒரு நாள் ஆகலாம். இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் இழுப்பது நல்லதல்ல. இரவில் எழுதியதைக் காலையில் இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு வெளியிடுவது என் பரிந்துரை. அந்த இன்னொருவர் அந்த பிளவுஸைத் தைத்தவராக இருக்கக் கூடாது.

பதிலில் என்னதான் எழுதுவது? ஒரு மாதிரி காட்டுங்கள்.

விமர்சனம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘ஒரு மாதம் முன்பே துணி கொடுத்தோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத்தான் பிளவுஸ் வந்தது. கை ஏறவே இல்லை. கேட்டால் நீங்கள் கொடுத்த அளவு பிளவுஸ் சரியில்லை என்று எங்களையே சொல்கிறார்கள். பணம் பிடுங்கும் ஏமாற்றுக்காரர்கள்.’ ஆர்டர் நோட்டைப் பார்த்ததில், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே தருவதாகச் சொல்லியிருப்பதும், ஆரி வேலை வெளியே போய்த் தாமதமாகத் திரும்பியதும் தெரிகின்றன. கை இறுக்கத்துக்கு யார் காரணம் என்பது இன்னும் தெளிவாகவில்லை. இந்த நிலையில் நான் எழுதித் தரும் பதில் இது:

‘வணக்கம். ஒரு வாரம் முன்பே தருவதாகச் சொன்ன கல்யாண பிளவுஸை முந்தின இரவுதான் கொடுத்தோம். அது எங்கள் தாமதம். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் இருந்திருக்கக்கூடிய பதற்றத்துக்கு நாங்கள் காரணமானதற்கு வருந்துகிறோம். கை இறுக்கமாக இருந்ததைப் பற்றியும், அப்போது உங்களிடம் பேசப்பட்ட விதத்தைப் பற்றியும் உங்களிடம் நேரடியாகக் கேட்டறிய விரும்புகிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள கடை எண்ணில் காலை 10 முதல் இரவு 8 மணி வரை என்னிடமே பேசலாம். பில் எண்ணைச் சொன்னால் போதும், மறுபடி எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்காது. (உங்கள் பெயர்), உரிமையாளர்.’

இதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். உறுதியாகத் தெரிந்த தவறு நேராக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. தெரியாதது தெரியாததாகவே விடப்பட்டிருக்கிறது. ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்ற வசைக்குப் பதிலே இல்லை. அதை மறுத்தால் அந்தச் சொல் பக்கத்தில் இரண்டாவது முறையாக இடம்பெறும், அவ்வளவுதான். ஆரிக்காரர் தாமதித்தார் என்ற விளக்கமும் இல்லை, ஏனெனில் வாடிக்கையாளர் வேலையைக் கொடுத்தது உங்களிடம்தான். பணம் திருப்பித் தருவது பற்றியும் பேச்சில்லை. அதைக் கீழே, பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றிய கேள்வியில் விளக்குகிறேன். அழைப்பில் நேரம், பேசப்போகும் ஆள், கையில் வைத்திருக்க வேண்டிய பில் எண் ஆகிய மூன்றும் உள்ளன. ‘எங்களைத் தொடர்புகொள்ளவும்’ என்ற வெறும் வரியை யாரும் நம்பி அழைப்பதில்லை.

வருந்துகிறோம் என்று எழுதினால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அதையே காட்ட மாட்டார்களா?

காட்டலாம். பொதுவெளியில் நீங்கள் எழுதிய எதையும் படமெடுத்துச் சேர்க்க முடியும் என்று எண்ணித்தான் எழுத வேண்டும். ஆனால் தாமதத்தை ஒப்புக்கொள்வதால் புதிதாக எதுவும் வெளியாகிவிடவில்லை. தருவதாகச் சொன்ன தேதி உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. தெரியாத காரணத்தைத் தெரிந்ததுபோல் எழுதுவது, ‘முழு நட்டத்தையும் ஏற்கிறோம்’ என்று அளவில்லாமல் வாக்களிப்பது, இருக்கிற ரசீதுக்கு முரணாக மறுப்பது ஆகியவைதான் பின்னால் உங்களைச் சிக்கவைக்கும்.

ஆகவே, ஆவணம் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதற்கு, நேர்ந்த சிரமத்துக்கு வருந்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘உங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வருந்துகிறோம்’ என்ற தந்திர வரி மட்டும் வேண்டாம். அது மன்னிப்பாகவும் பயன்படாது, தற்காப்பாகவும் பயன்படாது. படிப்பவருக்கு எரிச்சலைத்தான் தரும்.

அவர் நம்பர் பில்லிலேயே இருக்கிறதே, நானே கூப்பிட்டுப் பேசிவிடக் கூடாதா?

விமர்சனக் கணக்கின் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது பல சமயம் தவறாகிவிடுகிறது. எழுதியது மணப்பெண்ணின் அக்காவாகவோ தோழியாகவோ இருக்கலாம். நீங்கள் அழைக்கும் தாய்க்கு அப்படி ஒன்று எழுதப்பட்டதே தெரியாமல் இருக்கலாம். ஆளைச் சரியாகவே கண்டுபிடித்தாலும், பிளவுஸ் தயாரானதும் சொல்வதற்காகக் கொடுத்த எண்ணுக்கு, எழுதியதைப் பற்றிக் கேட்க அழைப்பு வந்தால் அது மிரட்டல் போலத்தான் ஒலிக்கும். ‘எழுதினால் கூப்பிட்டுத் தொல்லை செய்கிறார்கள்’ என்று விமர்சனம் ஒரு பத்தி நீளும்.

எனவே பொதுப்பதிலில் கதவைத் திறந்துவைத்துவிட்டு அவர் வரும்வரை காத்திருங்கள். வேறு வேலைக்காக அவர்களோடு ஏற்கெனவே வாட்ஸாப்பில் பேசிக்கொண்டிருந்தால், ‘உங்கள் குறையைப் படித்தோம், உங்களுக்கு வசதியான நேரம் சொன்னால் பேசுகிறோம்’ என்று ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். பதில் வராவிட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். அவருடைய எண்ணையோ முழுப்பெயரையோ உடல் அளவையோ பதிலில் எழுதுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ‘உங்கள் பெண் ஒரு மாதத்தில் குண்டாகிவிட்டார்’ என்று உரிமையாளர் எழுதிய பதிலை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தையலைப் பற்றி எவரும் பேசவில்லை.

கூகுள் பக்கத்திலேயே வாடிக்கையாளரோடு தனியாகச் செய்தி பரிமாறும் வசதி முன்பு இருந்தது. அதை 2024 ஜூலை இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். ஆகவே இப்போது கடை எண்தான் வழி. அதையும் பதிலுக்குள் எழுதாமல், பக்கத்தில் ஏற்கெனவே உள்ள எண்ணைச் சுட்டினால் போதும். எண்களும் இணைப்புகளும் நிறைந்த பதில் விளம்பரமாகக் கருதப்பட்டு வெளியாகாமல் நின்றுவிட வாய்ப்புண்டு.

சரி, கூப்பிட்டுவிட்டார். போனில் என்ன பேசுவது?

முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும். மேலே உள்ள பிளவுஸையே எடுத்துக்கொள்வோம். இறுக்கத்துக்கு யார் காரணம் என்ற வழக்கைத் தொடங்குவதற்கு முன், துணி என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அளவு பிளவுஸ் சாதாரணப் பருத்தியாக இருந்து, புதியது உள்துணி வைத்த பட்டாக இருந்தால், அதே அளவில் வெட்டினாலும் கை இறுக்கும்; நெருக்கமான ஆரி வேலை துணியைச் சற்று இழுத்துக்கொள்வதும் உண்டு. இதை வெட்டும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது தையல்காரர்தான். அளவு பிளவுஸ் சரியில்லை என்று கடையில் சொல்லப்பட்டது முழுப்பொய் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பொறுப்பு உங்கள் பக்கமே அதிகம் என்பது இந்த இடத்தில் உங்களுக்கே புரிந்துவிடும்.

அடுத்து, என்ன செய்ய முடியும் என்பதைக் கணக்காகச் சொல்லுங்கள். உள்ளே தையலுக்கு விட்ட துணி இருந்தால் பிரித்து விடலாம். ஆரி வேலை தையல் ஓரம்வரை ஓடியிருந்தால், பிரித்த இடத்தில் வேலை விட்டுப்போன கோடு தெரியும், கைக்கு அடியில் மீதித் துணியில் ஒட்டுக் கொடுப்பதே மேல் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகூர்த்தம் போய்விட்டது, அன்று அவர் வேறு பிளவுஸ் உடுத்தியாகிவிட்டது, சரிசெய்து தருவது மட்டும் ஈடாகாது. மொத்தக் கூலி 6,000 ரூபாய், அதில் ஆரி 4,500, தையல் 1,500 என்றால், தையல் கூலி முழுவதையும் திருப்பிக் கொடுத்து, கட்டணமின்றிச் சரிசெய்து, துணியை வீட்டிலிருந்தே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது நியாயமான தொடக்கம் என்பது என் கருத்து. ஆரி வேலை நன்றாக இருந்து அது இனியும் பயன்படும் என்பதால் அந்தக் கூலியைத் தொடவில்லை. அவர் கூடுதலாகக் கேட்டால் உடனே மறுக்காமல், ‘நாளை மாலைக்குள் சொல்கிறேன்’ என்று சொல்லி, சொன்னபடி அழையுங்கள்.

பேசி முடித்ததை அன்றே இரண்டு வரியில் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், துணி எப்போது திரும்பும். இந்தத் தேதியும் தவறினால் அதற்குப் பிறகு எந்தப் பதிலும் உங்களைக் காப்பாற்றாது. பொதுவெளியில் கொடுத்த நேரத்தில் கடைப் பையன் போனை எடுத்து ‘அக்கா வெளியே போயிருக்காங்க’ என்று சொல்வதும் இதே வகைதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம், விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கலாமா?

கூடாது. சலுகையோ பணமோ கொடுத்து விமர்சனம் எழுத வைப்பதையும், எதிர்மறையான விமர்சனத்தைத் திருத்தவோ நீக்கவோ வைப்பதையும் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. விதி ஒருபுறமிருக்க, அப்படிக் கேட்ட வாட்ஸாப் செய்தி படமாக அந்த விமர்சனத்திலேயே ஏறிவிடலாம். கொடுக்க வேண்டிய பணம் கொடுக்க வேண்டியது என்பதற்காகவே கொடுக்கப்பட வேண்டும்.

பொதுப்பதிலில் தொகையைப் பேசாததற்கும் இதுவே காரணம். ‘கூலியைத் திருப்பித் தருகிறோம்’ என்று அங்கே எழுதினால், ஒருவருக்கு அது வாயடைக்கும் முயற்சியாகத் தெரியும். இன்னொருவருக்குத் திட்டி எழுதினால் பணம் கிடைக்கும் என்ற செய்தியாகத் தெரியும். எல்லாம் முடிந்து, பணமும் கைமாறிய பிறகு, ‘நடந்ததை நீங்கள் விரும்பினால் அங்கே சேர்த்து எழுதலாம், எழுதாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்வதுவரை நான் சரியென்பேன். மறுமுறை நினைவூட்ட வேண்டாம்.

அவர் எழுதியதில் பாதி பொய். உண்மையைச் சொல்லக் கூடாதா?

சொல்லலாம், ஒரே வாக்கியத்தில், ரசீதைக் காட்டி நிரூபிக்கக்கூடியதாக இருந்தால். துணி கொடுத்தது ஒரு மாதம் முன்பு அல்ல, 9 நாட்கள் முன்பு என்று ரசீதில் இருந்தால், ‘எங்கள் பதிவில் துணி பெற்ற தேதி முகூர்த்தத்துக்கு 9 நாட்கள் முன்பு என்று உள்ளது; இதில் எங்கள் பிழை ஏதேனும் இருந்தால் பில்லைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறோம்’ என்று எழுதுங்கள். படிப்பவருக்குத் தேவையான தகவல் கிடைத்துவிடும். எழுதியவரைப் பொய்யர் என்று நீங்கள் சொல்லவும் இல்லை. இரண்டாவது திருத்தம், மூன்றாவது திருத்தம் என்று போனால், நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் சண்டைக்காரராகத்தான் தெரிவீர்கள். எந்தப் பொய் கடைக்கு மிகுந்த தீங்கு செய்கிறதோ அதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் நோட்டில் அப்படி ஒரு ஆர்டரே இல்லை. போட்டிக் கடைக்காரர் வேலை என்று தெரிகிறது.

தெரிவது வேறு, நிரூபிப்பது வேறு. எழுதியது நான் முன்பு சொன்ன, மணப்பெண்ணின் அக்காவாகவும் இருக்கலாம். ‘நீங்கள் சொல்லும் ஆர்டரை எங்கள் பதிவுகளில் கண்டுபிடிக்க முடியவில்லை, பில் எண்ணோடு கடை எண்ணில் அழைத்தால் உடனே பார்க்கிறோம்’ என்று எழுதினால், உண்மையான வாடிக்கையாளருக்கு வழி திறந்திருக்கும், போலியானவர் அமைதியாகிவிடுவார். போட்டிக்காரர் என்று குற்றம்சாட்டி எழுத வேண்டாம்.

அதே சமயம் அந்த விமர்சனத்தைக் கூகுளிடம் புகாரளிக்கலாம். புகாரில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆபாசச் சொல், வெறுப்புப் பேச்சு, துன்புறுத்தல், தனிப்பட்ட தகவல், தொடர்பில்லாத செய்தி, போட்டியாளர் போன்ற நலன் முரண் ஆகியவை அங்கே இருக்கும். சாதியைச் சொல்லித் திட்டியிருந்தாலோ தைக்கும் பெண்ணைப் பற்றி இழிவாக எழுதியிருந்தாலோ பதில் எழுதுவதற்கு முன்பே புகார் செய்துவிடுங்கள். கூகுள் பார்த்து முடிவு சொல்லச் சில நாட்கள் ஆகும். மறுத்தால் ஒருமுறை மேல்முறையீடு செய்யலாம். ‘நடந்தது அப்படியில்லை’ என்பது மட்டும் காரணமானால் நீக்க மாட்டார்கள். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உண்மைச் சண்டையில் கூகுள் தலையிடுவதில்லை.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று ஒரு வரி சேர்த்தால் பயப்படுவார்களே?

பயப்படுவார்களோ இல்லையோ, படிக்கும் மற்றவர்கள் உங்களிடம் துணி கொடுக்கத் தயங்குவார்கள். அவதூறு பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவில் குற்றமாகவே உள்ளது. ஆனால் அந்தப் பிரிவு இரு பக்கமும் வெட்டும்: வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி மோசடிக்காரர் என்று நீங்கள் எழுதினால் உங்கள் மீதும் அது பாயலாம். உண்மையிலேயே வழக்குத் தொடரும் அளவுக்கு விஷயம் இருந்தால் வழக்கறிஞரிடம் பேசுங்கள், பதிலில் அதை அறிவிக்காதீர்கள்.

வாடிக்கையாளர் ‘நுகர்வோர் நீதிமன்றம் போவேன்’ என்று எழுதினாலும் அதைச் சவாலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வதும், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதும் அவருடைய உரிமை. ‘அந்த வழி உங்களுக்கு உண்டு, அதற்கு முன் ஒருமுறை பேச வாய்ப்பளித்தால் நன்றி’ என்பது போதுமான பதில்.

எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்டினால் வேலை குறையுமே?

குறையும், பத்து விமர்சனங்களின் கீழ் ஒரே பத்தியைப் பார்ப்பவர் பதினொன்றாவதைப் படிக்க மாட்டார். அழைக்கும் வரியை வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு வரிகளை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாலும் நீங்கள் தமிழ் எழுத்திலேயே பதிலளிக்கலாம். முழுக்க ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பதில் போட்டேன், அவர் பேசவில்லை. விமர்சனத்தை இன்னும் காட்டமாகத் திருத்திவிட்டார்.

புதிய குற்றச்சாட்டு ஏதும் இல்லாமல் கோபம் மட்டும் கூடியிருந்தால் உங்கள் பதிலைத் தொட வேண்டாம்; அழைப்பு அங்கேயே இருக்கிறது. புதிய தகவல் இருந்தால், ஆர்டர் நோட்டை மறுபடி பார்த்து, பழைய பதிலின் கீழ் ஒரு வாக்கியம் சேர்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீங்களும் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தால் அது முடிவில்லாமல் போகும்.

பேசி முடித்துவிட்டோம், பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் விமர்சனம் அப்படியே நிற்கிறது. இப்போது என்ன எழுதலாம்?

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, உங்கள் பதிலின் கடைசியில் இதைச் சேருங்கள்: ‘இதன் பிறகு வாடிக்கையாளருடன் பேசி இந்தக் குறையைத் தீர்த்துள்ளோம்.’ தொகை, நிபந்தனை, நன்றி மழை எதுவும் வேண்டாம். அவர் வேண்டாமென்றால் அதையும் சேர்க்காதீர்கள். ஒரு நட்சத்திரம் அங்கேயே இருக்கட்டும். கடைசியாகச் செய்ய வேண்டியது, கல்யாண ஆர்டர்களுக்கு ரசீதில் முகூர்த்தத் தேதியையும், போட்டுப் பார்க்க அழைக்கும் தேதியையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத இடம் விட்டு அச்சடிக்கச் சொல்வது.